ஐந்து வருட நைட்ரஜன் ஒப்பந்தம், ஃபைனான்ஸ் ஹெட்டுக்குப் பத்து நிமிடம்: ஒரு பக்கத்தில் எதை எழுதுவது?

கொரட்டூர்க்காரன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். ஃபர்னஸுக்கு நைட்ரஜன் வேண்டும். ஒரு கேஸ் கம்பெனி எங்கள் வளாகத்திலேயே டேங்க்கும் வேப்பரைசரும் வைத்து, 60 மாதத்துக்குத் திரவ நைட்ரஜன் நிரப்பித் தருகிறேன் என்கிறது. ஒப்பந்தம் 48 பக்கம், அதோடு ஐந்து இணைப்புகள். வெள்ளிக்கிழமை காலை பேங்க்காரர்கள் வருவதற்கு முன்னால் ஃபைனான்ஸ் ஹெட் பத்து நிமிடம் தருவார், அதற்குள் அவர் படித்து முடிவு சொல்கிற மாதிரி ஒரு சுருக்கம் எழுதிக் கொடு என்று என் மேனேஜர் சொல்லிவிட்டார். நான் எழுதியதன் ஆரம்பம் இது:

"இந்த ஒப்பந்தம் வாங்குபவருக்கும் விற்பனையாளருக்கும் இடையே 60 மாத காலத்துக்குச் செய்யப்படுகிறது. மாதம் 40,000 கன மீட்டர், கன மீட்டருக்கு ₹14, வசதிக் கட்டணம் மாதம் ₹60,000. மொத்த ஒப்பந்த மதிப்பு ₹3.72 கோடி. பணம் செலுத்தும் காலம் 30 நாட்கள். தகராறு ஏற்பட்டால் சென்னையில் நடுவர் தீர்ப்பாயம்..."

இப்படியே நாலு பக்கம் போகிறது. ஒன்றரைப் பக்கமாக்க வேண்டும். எதை வெட்டலாம்?

டெண்டர் தியாகு

முதல் பக்கத்தில் கம்பெனி புரொஃபைல் இல்லையே? எத்தனை வருட அனுபவம், எந்தெந்த பெரிய கஸ்டமர், ஐஎஸ்ஓ இருக்கிறதா, இவையெல்லாம் போட்டுத்தான் நாங்கள் ஆரம்பிப்போம். அப்புறம் "நாங்கள் ஏன் சிறந்த தேர்வு" என்று ஒரு பத்தி. கலரில் ஒரு சார்ட் போட்டால் மேலிடத்துக்குப் பிடிக்கும்.

கொரட்டூர்க்காரன்

சார், நான் விற்கிறவன் இல்லை, வாங்குகிறவன். அவர்கள் கொடுத்த ஒப்பந்தத்தை எங்கள் ஆளுக்குச் சுருக்கிச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

டெண்டர் தியாகு

ஓ, சரி சரி. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு எழுதிவிட்டேன். ஆனாலும் சார்ட் போடுங்கள்.

பழைய கமர்ஷியல்

தம்பி, எதை வெட்டலாம் என்பது இருக்கட்டும். நீங்கள் எழுதியதில் அவர் முடிவெடுக்கத் தேவையான எண் ஒன்றுகூட இல்லை. ₹3.72 கோடி என்பது 40,000 கன மீட்டர் மாதா மாதம் எடுத்தால் வருகிற தொகை. எடுக்காவிட்டால்? எல்லா கேஸ் ஒப்பந்தத்திலும் குறைந்தபட்ச அளவு என்று ஒன்று இருக்கும். முன் பக்கங்களில் தேடினால் கிடைக்காது, விலை இணைப்பில் "பில் செய்யப்படும் குறைந்தபட்ச அளவு" என்கிற மாதிரி சாதுவான ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து எனக்கு நாலு விஷயம் சொல்லுங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு, கடந்த 12 மாதம் நீங்கள் உண்மையில் எரித்தது மாதத்துக்குச் சராசரி எவ்வளவு, இப்போது வெளியே என்ன விலைக்கு வாங்குகிறீர்கள், அந்த 40,000 யார் கொடுத்த எண்?

கொரட்டூர்க்காரன்

பார்த்தேன் சார். மூன்றாம் இணைப்பில் இருக்கிறது, 80 சதவீதம். அதாவது 32,000 கன மீட்டர். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதற்குப் பில் வரும். எங்கள் 12 மாதச் சராசரி 27,000. மூன்று ஃபர்னஸில் ஒன்று போன வருடத்திலிருந்து பாதி நாள்தான் ஓடுகிறது, அந்த கஸ்டமர் வேலையைப் பூனாவுக்கு மாற்றிவிட்டார். இப்போது வெளியே எந்தக் கட்டாயமும் இல்லாமல் கன மீட்டர் ₹17க்கு வாங்குகிறோம், வசதிக் கட்டணம் தனியாகக் கிடையாது. 40,000 புரொடக்‌ஷன் ஹெட் கொடுத்தது. இரண்டு புது ஆர்டர் வருகிறது என்கிறார்.

பழைய கமர்ஷியல்

இப்போதுதான் சுருக்கம் எழுத விஷயம் கிடைத்திருக்கிறது. சும்மா கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

குறைந்தபட்ச பில்: 32,000 × 14 = ₹4,48,000, அதோடு வசதிக் கட்டணம் ₹60,000, ஆக மாதம் ₹5,08,000. இது தரை. ஃபர்னஸ் அணைந்து கிடந்தாலும் இதற்குக் கீழே இறங்காது. வருடத்துக்கு ₹60.96 லட்சம், ஐந்து வருடத்துக்கு விலை ஏறாமலேயே ₹3.05 கோடி. உங்கள் கம்பெனி கையெழுத்துப் போட்டுத் தலையில் ஏற்றிக்கொள்வது இந்தத் தொகையைத்தான், 3.72 இல்லை.

இப்போது இதே 27,000 தொடர்ந்தால் என்ன? வெளியே வாங்கினால் 27,000 × 17 = ₹4,59,000. ஒப்பந்தத்தில் ₹5,08,000. மாதம் ₹49,000 கூடுதல். கன மீட்டருக்கு ₹14 என்று போட்டிருக்கிறது, ஆனால் நீங்கள் எரிக்கிற கணக்கில் வகுத்தால் ₹18.81 ஆகிறது. 40,000 எரித்தால் வெளியே ₹6.80 லட்சம், ஒப்பந்தத்தில் ₹6.20 லட்சம், மாதம் ₹60,000 மிச்சம். இரண்டும் சமமாகிற இடம் 5,08,000 ÷ 17, கிட்டத்தட்ட 29,900.

ஆக, ஃபைனான்ஸ் ஹெட் முன்னால் வைக்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். ஐந்து வருடமும் மாதம் 30,000 கன மீட்டருக்கு மேல் எரிப்போம் என்று நம்புகிறாரா, இல்லையா? இன்று 27,000. இது முதல் மூன்று வரிக்குள் வரவேண்டும். நடுவர் தீர்ப்பாயம் சென்னையிலா மும்பையிலா என்பது அந்தப் பத்து நிமிடத்தில் அவருக்கு எதற்கு?

வக்கீல் வாசலில்

குறைந்தபட்சப் பில்லைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. 1872 ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவுப்படி அபராதமாக எழுதிய தொகையைக் கோர்ட் அப்படியே கொடுக்காது. எடுக்காத சரக்குக்குக் காசு கேட்பது செல்லாது. அதனால் சுருக்கத்தில் "சட்டப்படி வசூலிக்க இயலாது" என்று ஒரு வரி போட்டுவிட்டு நகருங்கள்.

பழைய கமர்ஷியல்

பாதி சரி வக்கீல் சார். 74 சொல்வது, எழுதிய தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடு என்று. ஒன்றுமே தரவேண்டாம் என்று அதில் இல்லை. தவிர, கேஸ் கம்பெனி அதை அபராதம் என்றா சொல்லும்? உங்களுக்காக டேங்க் போட்டேன், உற்பத்தியில் உங்களுக்காகத் திறன் ஒதுக்கி வைத்தேன், அதற்கான விலை இது என்று வாதாடும். யார் ஜெயிப்பார்கள் என்பது அந்தந்த ஒப்பந்தத்தின் வார்த்தையையும் அன்று காட்டுகிற ஆதாரத்தையும் பொறுத்தது. அதற்குள் மாதா மாதம் பில் வந்துகொண்டிருக்கும், தராவிட்டால் டேங்கர் வராது. "வசூலிக்க இயலாது" என்று ஒரு பர்ச்சேஸ் ஆள் எழுதி, அதை நம்பி ஒருவர் கையெழுத்துப் போட்டால் பிறகு யார் பதில் சொல்வது?

வக்கீல் வாசலில்

டேங்கர் வராது என்பது நியாயமான பாயிண்ட். ஆனால் வெளியேறும்போது கேட்கிற தொகைக்கு 74 நிச்சயம் பேசும், அதை நான் விடமாட்டேன்.

கணக்குப்பிள்ளை கீதா

இந்த மாதிரிப் பக்கங்களை வாரத்துக்கு நாலு படிக்கிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன். பத்து நிமிடம் என்று சொல்வோம், உண்மையில் படிக்கக் கிடைப்பது நாலு நிமிடம், மீதி கேள்வி கேட்க. நான் முதலில் தேடுவது, என்னிடம் என்ன கேட்கிறார்கள் என்பது. கையெழுத்தா, பேரம் பேச அனுமதியா, இல்லை தகவலுக்கா? அது முதல் வரியில் இல்லாவிட்டால் எரிச்சல் வரும். அடுத்தது, வெளியே வரவேண்டுமென்றால் எவ்வளவு, எந்தத் தேதிக்குள். கொரட்டூர்க்காரரே, அந்த இரண்டும் உங்கள் நாலு பக்கத்தில் எங்கே இருக்கிறது?

பெரிய மதிப்பாகப் போட்டுக் காட்டினால் டிஸ்கவுன்ட் பெரிதாகத் தெரியும் என்று விற்பனைக்காரர்கள் நினைப்பார்கள். அதை நாமும் அப்படியே காப்பி அடித்துத் தலைப்பில் போடுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கொரட்டூர்க்காரன்

மேடம், வெளியேறும் ஷரத்து 31ஆம் பக்கத்தில் இருக்கிறது. முதல் 24 மாதம் வெளியேறவே முடியாது. அதன்பிறகு 90 நாள் நோட்டீஸ், மீதி மாதங்களின் வசதிக் கட்டணம் முழுவதும், அதோடு மீதி மாதங்களின் குறைந்தபட்ச கேஸ் தொகையில் பாதி. நான் இதை "வெளியேற வசதி உண்டு (ஷரத்து 14.3)" என்று ஒரு வரியில் எழுதியிருந்தேன்.

கணக்குப்பிள்ளை கீதா

"வசதி உண்டு" என்று எழுதினால் நான் சுலபம் என்று படிப்பேன். ரூபாயில் போடுங்கள். 24 மாதம் முடிந்து 36 மாதம் மீதி என்று வைத்துக்கொண்டால், வசதிக் கட்டணம் ₹21.60 லட்சம், கேஸ் தொகையில் பாதி, மாதம் ₹2,24,000 வீதம் 36 மாதத்துக்கு ₹80.64 லட்சம். இன்றைய விலையிலேயே ₹1.02 கோடி. அந்த ஃபர்னஸ் நிரந்தரமாக நின்றுபோனால் உங்களுக்கு வரக்கூடிய மோசமான செலவு இது. 74ஆம் பிரிவைக் காட்டிக் குறைக்க முடியுமா என்று அப்புறம் லீகல் சொல்லட்டும், பக்கத்தில் முழுத் தொகை இருக்கவேண்டும்.

அடுத்து, தானாகப் புதுப்பித்தல் இருக்கிறதா?

கொரட்டூர்க்காரன்

இருக்கிறது. முடிவதற்கு 6 மாதம் முன்னால் எழுத்தில் சொல்லாவிட்டால் இன்னும் 36 மாதம்.

பழைய கமர்ஷியல்

எதிலிருந்து எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். கையெழுத்துத் தேதியா, டேங்கில் முதல் முறை கேஸ் நிரப்பிய தேதியா?

கொரட்டூர்க்காரன்

முதல் நிரப்பல் தேதி.

பழைய கமர்ஷியல்

பெரும்பாலும் அப்படித்தான். ஃபவுண்டேஷன் கான்கிரீட், அனுமதி எல்லாம் இழுத்து நாலு மாதம் தள்ளிப்போனால், உங்கள் கம்பெனி காலண்டரில் இருக்கிற முடிவுத் தேதியும் ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியும் வேறு வேறாகிவிடும். அதனால் பக்கத்தில் தேதியை இப்படி எழுதுங்கள்: "முதல் நிரப்பல் 2026 ஏப்ரல் 1 என்றால், ஒப்பந்தம் 2031 மார்ச் 31 வரை, வேண்டாமென்று சொல்லக் கடைசி நாள் 2030 செப்டம்பர் 30. நிரப்பல் தள்ளினால் இதுவும் தள்ளும்." வெறுமனே "6 மாத நோட்டீஸ்" என்று எழுதினால் யாரும் காலண்டரில் குறிக்கமாட்டார்கள்.

ஷிஃப்ட் இன்சார்ஜ் சேகர்

நான் பிளான்ட் ஆள். ஒரு விஷயம் யாருமே சொல்லவில்லை. திரவ நைட்ரஜன் சும்மா டேங்கில் கிடந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வால்வு வழியே போய்விடும். பொங்கலுக்கு நாலு நாள் மூடினால் பார்க்கலாம், டேங்க் பக்கத்தில் புஸ்ஸென்று சத்தம் வந்துகொண்டேயிருக்கும். டேங்கர் இறக்கிய எடைக்குத்தான் பில், போனது நம் கணக்கு. இதையும் சுருக்கத்தில் போடவேண்டாமா?

பழைய கமர்ஷியல்

சேகர் சார், அது உண்மைதான், ஆனால் அந்தப் பக்கத்துக்கு வேண்டாம். இந்த ஒப்பந்தத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது, 32,000க்குக் கீழே எரிக்கிறவரைக்கும் ஆவியாகிப் போவதுகூடப் பில்லை ஏற்றாது, எப்படியும் 32,000க்குக் காசு கொடுத்தாயிற்று. ஆனால் ஒரு கேள்வி வருகிறது. அந்தச் சராசரி 27,000 எதை வைத்து எடுத்தது? இறக்கிய அளவா, ஃபர்னஸ் மீட்டரா?

கொரட்டூர்க்காரன்

பில் வைத்து எடுத்தது சார், வாங்கிய அளவு. அதிலும் ஒரு விஷயம், மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது. தீபாவளி மாதம் 20,000, மார்ச்சில் 36,000.

பழைய கமர்ஷியல்

ஆஹா, அப்படியென்றால் குறைந்தபட்சத்தை மாதாமாதம் பார்க்கிறார்களா, வருடத்துக்கு ஒருமுறை கூட்டிப் பார்க்கிறார்களா என்று உடனே படியுங்கள். இது பேரம் பேசக்கூடிய இடம். உதாரணத்துக்கு, ஆறு மாதம் 38,000, ஆறு மாதம் 26,000 எரிக்கிற கம்பெனி. சராசரி சரியாக 32,000. வருடக் கணக்கு என்றால் எடுக்காததற்கு ஒரு பைசா தரவேண்டாம். மாதக் கணக்கு என்றால் ஆறு மாதமும் 6,000 வீதம் குறை, 6,000 × 14 × 6 = ₹5.04 லட்சம் சும்மா போகும்.

கொரட்டூர்க்காரன்

மாதக் கணக்குதான் சார். "ஒவ்வொரு பில் காலத்துக்கும்" என்று போட்டிருக்கிறது, பில் காலம் என்றால் காலண்டர் மாதம் என்று வரையறைப் பக்கத்தில் இருக்கிறது.

ஜிஎஸ்டி ஜீவா

எல்லாரும் வரியை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 3.05 கோடி 3.60 கோடி ஆகிறது. ஃபைனான்ஸ் ஹெட்டுக்கு முழுத் தொகையைத்தான் காட்டவேண்டும், இல்லாவிட்டால் மறைத்த மாதிரி ஆகும்.

கணக்குப்பிள்ளை கீதா

கொரட்டூர்க்காரர் கம்பெனி ஜாப் வொர்க்குக்கு ஜிஎஸ்டி போட்டு பில் எழுதுகிற கம்பெனி, உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்கும். அதனால் செலவாகக் காட்டக்கூடாது, "ஜிஎஸ்டி நீங்கலாக" என்று ஒரு வார்த்தை போதும். உங்கள் இடம் ஆஸ்பத்திரி மாதிரி வரிவிலக்கு உள்ள இடமாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி, அங்கே அது உண்மையான செலவு.

இன்னொன்று சொல்லவேண்டும். அந்த டேங்க் உங்களுக்கு மட்டும், உங்கள் வளாகத்தில், ஐந்து வருடம், தனியாக மாதக் கட்டணம். உங்கள் கம்பெனி இண்ட் ஏஎஸ் கணக்கியல் தரங்களைப் பின்பற்றினால், அதில் 116ஆம் தரத்தின்படி இதற்குள் ஒரு குத்தகை ஒளிந்திருக்கிறதா என்று ஆடிட்டர் கேட்பார். இருந்தால் ₹36 லட்சத்தின் இன்றைய மதிப்பு பேலன்ஸ் ஷீட்டில் கடனாக உட்காரும், பேங்க் விகிதங்கள் கொஞ்சம் நகரும். பேங்க்காரர்கள் வருகிற அன்றே இந்தப் பக்கம் அவர் கைக்குப் போகிறது, கவனம்.

பழைய கமர்ஷியல்

மேடம், அந்த டேங்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று கேஸ் கம்பெனி வழக்கமாக ஒரு வரி எழுதியிருக்குமே, அப்போதுமா?

கணக்குப்பிள்ளை கீதா

அதை வைத்துக் குத்தகை இல்லை என்று சொல்ல அந்த உரிமை நிஜமாக இருக்கவேண்டும், மாற்றுவதால் அவர்களுக்கு லாபமும் இருக்கவேண்டும். கான்கிரீட்டில் போல்ட் போட்ட டேங்கை யார் சும்மா வந்து மாற்றுவார்கள்? ஆனால் டேங்கை எப்படி, எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவெடுப்பது யார் என்பதிலும் வாதம் உண்டு. ஆடிட்டரிடம் விட்டுவிடலாம். சுருக்கத்தில் "குத்தகைக் கணக்கா என்பது பார்க்கப்படவில்லை" என்று ஒரே வரி.

கொரட்டூர்க்காரன்

திரும்ப எழுதினேன், இப்போது அரைப் பக்கத்துக்குக் கொஞ்சம் மேல்:

"கேட்பது: இப்படியே கையெழுத்திட வேண்டாம், குறைந்தபட்ச அளவைப் பேரம் பேச அனுமதி. காரணம்: இந்த ஒப்பந்தம் மாதம் சுமார் 30,000 கன மீட்டருக்கு மேல் எரித்தால்தான் இன்றைய ₹17ஐவிட மலிவு. நம் 12 மாதச் சராசரி 27,000. 40,000 என்பது புரொடக்‌ஷன் மதிப்பீடு, இரண்டு புது ஆர்டரைச் சார்ந்தது, இரண்டும் இன்னும் உறுதியாகவில்லை.

எரித்தாலும் எரிக்காவிட்டாலும் தரவேண்டியது: மாதம் ₹5.08 லட்சம், ஐந்து வருடம் ₹3.05 கோடி, விலையேற்றமும் ஜிஎஸ்டியும் நீங்கலாக (இணைப்பு 3). இதே அளவில் தொடர்ந்தால் மாதம் ₹49,000 கூடுதல், 40,000 ஆனால் ₹60,000 மிச்சம். குறைந்தபட்சம் மாதக் கணக்கில் பார்க்கப்படுகிறது.

வெளியேற: 24 மாதம் வரை முடியாது. அதன்பின் உடனே என்றால் சுமார் ₹1.02 கோடி (பக்கம் 31). தானாக 36 மாதம் நீளும், மறுக்கக் கடைசி நாள் முதல் நிரப்பலைப் பொறுத்து 2030 செப்டம்பர் 30.

விலை: மின்கட்டணம், மொத்த விலைக் குறியீடு இரண்டோடும் சூத்திரப்படி மாறும்."

பழைய கமர்ஷியல்

இது படிக்கக்கூடிய பக்கம். அந்தக் கடைசி வரி மட்டும் எனக்கு உறுத்துகிறது. சூத்திரத்தைப் போடுங்கள், அடிப்படை மாதம் எது என்றும் சொல்லுங்கள்.

கொரட்டூர்க்காரன்

```
P = P0 × (0.15 + 0.60 × E/E0 + 0.25 × W/W0)
```

E மின்கட்டணம், W மொத்த விலைக் குறியீடு. P0 என்பது ₹14. E0, W0 இரண்டுக்கும் அடிப்படை 2024 ஏப்ரல். அவர்கள் பிளான்ட் தமிழ்நாட்டில்தான், நம் மின்வாரியக் கட்டணம்தான்.

பழைய கமர்ஷியல்

நினைத்தேன். ₹14 இன்றைய விலை என்று நீங்கள் படிக்கிறீர்கள், ஆனால் அது 2024 ஏப்ரல் விலை. 2024 ஜூலையில் மின்கட்டணம் 4.83 சதவீதம் ஏறியது, 2025 ஜூலையில் 3.16. சேர்த்து சுமார் 8.1, அதில் 60 சதவீதம் என்றால் 4.9. குறியீட்டைத் தொடாமலே முதல் பில் ₹14.68க்கு வரும். தரை ₹5.30 லட்சம் ஆகிறது, சமமாகிற இடம் 30,000 இல்லை, 31,000க்கும் மேல். வெளியே வாங்குகிற ₹17ம் நாளைக்கு ஏறலாம், அது வேறு. ஆனால் அடிப்படையை முதல் நிரப்பல் மாதத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு உங்களுக்குச் செலவு ஒன்றுமில்லை.

டெண்டர் தியாகு

இதைத்தான் நான் சார்ட்டாகப் போடச் சொன்னேன். படுக்கை அச்சில் மாத அளவு, இரண்டு கோடு, வெட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு புள்ளி.

கணக்குப்பிள்ளை கீதா

தியாகு சார், அந்த ஒரு சார்ட் வேண்டுமானால் நானும் கேட்பேன்.

ஆனால் கொரட்டூர்க்காரரே, "கையெழுத்திட வேண்டாம்" என்று நீங்களே முதல் வரியில் எழுதுவது பற்றி எனக்கு இரு மனம். எண்களைக் கொடுத்துவிட்டு முடிவை அவரிடம் விடுவது எனக்குப் பிடிக்கும்.

பழைய கமர்ஷியல்

எனக்கு நேர் எதிர் மேடம். வாங்குகிற ஆள் தன் கருத்தைச் சொல்லாவிட்டால், பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் "நீ என்ன நினைக்கிறாய்" என்று கேட்பதிலேயே போகும்.

கொரட்டூர்க்காரன்

மேனேஜரிடம் காட்டினேன், அவர் "கையெழுத்திட வேண்டாம்" என்பதை எடுத்துவிட்டு "மூன்று மாற்றங்களுடன் கையெழுத்திடலாம்" என்று போடச் சொன்னார். வருடக் கணக்கு, அடிப்படை மாதம், குறைந்தபட்சம் 65 சதவீதம். கேஸ் கம்பெனி ஆளிடம் போனில் பேசினேன். வருடக் கணக்குக்குச் சம்மதிப்பார்கள் போலிருக்கிறது, அடிப்படை மாதத்துக்கு மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார், 65க்கு முகத்திலடித்த மாதிரி முடியாது என்றுவிட்டார். 70க்கு இறங்குவார்களா என்று யாருக்காவது அனுபவம் உண்டா? 70 என்றால் 28,000 ஆகிறது, எங்கள் சராசரி அதற்கும் கீழேதான். ஆனால் ₹14 நிலைத்தால் தரை ₹4.52 லட்சம், இப்போது நாங்கள் தருகிற ₹4.59 லட்சத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

ஷிஃப்ட் இன்சார்ஜ் சேகர்

எங்களுக்கு 70 கொடுத்தார்கள், ஆனால் டேங்கைச் சின்னதாக்கிவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு டேங்கர் கூடுதலாக வரவேண்டியிருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு கேட் திறக்க ஆள் வேண்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.